1924-ல வந்த மூணு சட்டம்: இனக்கணக்கு எப்படி கருத்தடை ஆபரேஷன் வரைக்கும் போச்சு

கேள்வி: 'நல்ல ரத்தம்' உள்ளவங்க மட்டும்தான் பிள்ளை பெத்துப் பெருகணும்னு சொன்ன யூஜெனிக்ஸ் இயக்கம் இனப்பிரிவ வச்சுத்தான் கட்டாயக் கருத்தடையையும் குடியேற்றத் தடையையும் நியாயப்படுத்துச்சுன்னு எல்லா இடத்துலயும் எழுதுறாங்க. ஆனா அமெரிக்காவுல ஆபரேஷன் பண்ணப்பட்ட கேரி பக் ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு தானே? அப்போ இதுல இனம் எங்க வருது?

பதில்:

முதல்ல மூணு தேதிய பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 1924 மார்ச் 20 அன்னிக்கு வர்ஜீனியா மாநிலத்துல ரெண்டு சட்டம் ஒரே நாள்ல கையெழுத்தாச்சு. ஒண்ணு, வெள்ளைக்காரங்க வேற இனத்தவங்கள கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு சொன்ன இனத்தூய்மைச் சட்டம். இன்னொண்ணு, அரசு காப்பகங்கள்ல இருக்கிறவங்களுக்கு அவங்க சம்மதம் இல்லாமலே கருத்தடை ஆபரேஷன் பண்ணலாம்னு சொன்ன சட்டம். அடுத்து மே 26, ஜனாதிபதி கூலிட்ஜ் நாடு முழுக்க செல்லுபடியாகிற குடியேற்றச் சட்டத்துல கையெழுத்து போட்டாரு. வெள்ளை இனத்துக்குள்ள வேற ரத்தம் கலக்கக் கூடாது, வெளிநாட்டுலேர்ந்து மட்டமான ரத்தம் உள்ள வரக் கூடாது, ஏற்கனவே உள்ள இருக்கிற மட்டமான ரத்தம் பெருகக் கூடாது. மூணும் மூணு வேலை, ஆனா திட்டம் ஒண்ணுதான். கேரி பக் விஷயத்த மட்டும் தனியா எடுத்துப் பார்த்தா இனம் கண்ணுல படாது, மத்த ரெண்டையும் கூட வச்சுப் பார்த்தாதான் படும்.

அந்தக் காலத்துல இனம்னு எதச் சொன்னாங்கன்னு பிடிச்சுக்கிட்டாதான் மீதி புரியும். இப்ப நாம வெள்ளை கறுப்புன்னு நினைக்கிறோம், ஆனா 1899-லேர்ந்து அமெரிக்க குடியேற்றத் துறை கப்பல்ல வந்து இறங்குறவங்கள எந்த நாடுங்கிறதோட நிறுத்தாம எந்த இனம்னும் ஒரு பட்டியல வச்சு பதிவு பண்ணிக்கிட்டு இருந்துச்சு. இத்தாலியிலேர்ந்து வந்தா வட இத்தாலியர் ஒரு இனம், தென் இத்தாலியர் வேற இனம். யூதர்கள் ரஷ்யாவுலேர்ந்து வந்தாலும் ருமேனியாவுலேர்ந்து வந்தாலும் 'ஹீப்ரூ'ன்னு ஒரே இனம். இதுக்கு மேல 1916-ல மேடிசன் கிராண்ட்னு ஒரு நியூயார்க் வக்கீல் எழுதின புத்தகம் பயங்கரமா பரவுச்சு. ஐரோப்பியர்கள நார்டிக், ஆல்பைன், மெடிட்டரேனியன்னு மூணா பிரிச்சு, நார்டிக் தான் நாட்டக் கட்டுற இனம், மத்தவங்க வந்து அத கரைச்சுருவாங்கன்னு அவரு எழுதினாரு. தலையோட நீள அகலம், முடி நிறம், உயரம் இதெல்லாம்தான் இந்தப் பிரிவுக்கு அடிப்படை. தலை வடிவம் பரம்பரையா மாறவே மாறாது, அதனால அது இனத்தோட முத்திரைன்னு நம்பினாங்க.

அந்த நம்பிக்கைய சோதிச்சுப் பார்த்த ஒருத்தரும் அப்பவே இருந்தாரு. மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ், அரசாங்கமே அமைச்ச குடியேற்றக் கமிஷனுக்காக நியூயார்க்ல கிட்டத்தட்ட 18,000 பேரோட தலைய அளந்தாரு. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைகள்ல ஐரோப்பாவுல பிறந்த பிள்ளைக்கும் அமெரிக்காவுல பிறந்த பிள்ளைக்கும் தலை அளவு சராசரியா வித்தியாசப்படுதுன்னு காட்டினாரு. அந்த வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு பின்னாடி ஆராய்ச்சியாளர்கள் சண்டை போட்டுக்கிட்டாங்க, அது வேற விஷயம். ஆனா 1911-ல அதே கமிஷன் இவரோட அறிக்கையையும் அச்சடிச்சுது, இனங்களோட அகராதின்னு ஒரு தொகுதியையும் அச்சடிச்சுது, சட்டம் போடுறவங்க கைக்குப் போனது அந்த அகராதிதான்.

இப்ப முக்கியமான ஆளுக்கு வர்றேன், ஹாரி லாஃப்லின். மிசௌரியில ஸ்கூல் வாத்தியாரா இருந்தவரு. நியூயார்க் பக்கத்துல கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர்ல 1910-ல சார்லஸ் டேவன்போர்ட் ஆரம்பிச்ச யூஜெனிக்ஸ் ரெக்கார்ட் ஆபீஸ்ல நிர்வாகியா சேர்ந்தாரு. ரயில்வே முதலாளி ஹாரிமன் குடும்பத்துப் பணத்துல தொடங்கி, பின்னாடி கார்னகி நிறுவனத்து காசுல ஓடுன ஆபீஸ் அது. வீடு வீடா போய் குடும்ப மரம் வரைஞ்சு யார் குடிகாரன், யார் மந்த புத்தி, யார் ஏழைன்னு கார்டுல எழுதி வைக்கிறதுதான் அங்க வேலை. ஏழ்மையையும் ஒரு பரம்பரை நோய் மாதிரி குறிச்சாங்க, அத கவனிங்க, பின்னாடி வரும்.

1920-ல அமெரிக்க நாடாளுமன்றத்துல பிரதிநிதிகள் சபையோட குடியேற்றக் கமிட்டி தலைவர் ஆல்பர்ட் ஜான்சன், லாஃப்லின கமிட்டியோட யூஜெனிக்ஸ் நிபுணரா நியமிச்சாரு. 1922-ல லாஃப்லின் ரெண்டு வேலைய முடிச்சாரு. ஒண்ணு, மாநிலங்கள் அப்படியே காப்பி அடிச்சுக்க வசதியா கருத்தடைக்கு ஒரு மாதிரிச் சட்டம் எழுதி புத்தகமா போட்டது. இன்னொண்ணு, 445 அரசு நிறுவனங்கள்ல, அதாவது மனநல மருத்துவமனை, ஜெயில், காசநோய் மருத்துவமனை, அநாதை இல்லம் மாதிரியான இடங்கள்ல இருக்கிறவங்கள எந்த நாட்டுப் பிறப்புன்னு கணக்கெடுத்து, அத வச்சு அந்தக் குடியேற்றக் கமிட்டி முன்னாடி சாட்சி சொன்னது. ஒரே வருஷம், ஒரே ஆளு, ரெண்டு சட்டத்துக்கும் அடித்தளம். நீங்க கேட்ட தொடர்பு இதுதான்.

அந்தக் கணக்க கொஞ்சம் நின்னு பார்ப்போம், ஏன்னா ஏமாத்து எங்க நடக்குதுன்னு அங்கதான் தெரியும். அவரோட முறை என்னன்னா, 1910 சென்சஸ்படி மக்கள்தொகையில ஒரு கூட்டத்தோட பங்கு இவ்வளவு சதவீதம், அப்போ காப்பகங்கள்லயும் அவங்க அதே சதவீதம்தான் இருக்கணும், அதுக்கு மேல இருந்தா அந்த இனத்துல குறை ஜாஸ்தி. ஒரு உதாரணத்துக்கு, நூறுக்கு 3 பேரா இருக்கிற கூட்டம் மனநல மருத்துவமனையில நூறுக்கு 6 பேரா இருந்தா அவங்க 200 சதவீதம். கேக்கும்போது நியாயமாதான் படும்.

ஆனா மனநோய் பெரும்பாலும் வளர்ந்தவங்களுக்கு வர்றது. வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்கள்ல அநேகம் பேர் வேலை தேடி வந்த பெரியவங்க, அவங்களுக்கு அமெரிக்காவுல பிறக்கிற குழந்தைங்க உள்ளூர்ப் பிறப்புக் கணக்குல போய்ச் சேர்ந்துரும். ஆக ஒரு பக்கம் பெரியவங்க மட்டுமே, இன்னொரு பக்கம் தொட்டில் குழந்தை வரைக்கும் எல்லாரும். ரெண்டையும் நேருக்கு நேர் வச்சா வெளிநாட்டுக்காரன் பக்கம் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும், அதுக்கு ரத்தம் காரணமா இருக்கணும்னு அவசியமே இல்ல. அடுத்தது, குடியேறினவங்க நிறைய இருந்தது வடகிழக்கு நகரங்கள்ல, அரசு மருத்துவமனைகள் நிறைய இருந்ததும் அங்கதான். தெற்கு கிராமத்துல ஒருத்தருக்கு மனநோய் வந்தா வீட்டு பின்கட்டுல தான் இருப்பாரு, எந்தக் கணக்குலயும் வரமாட்டாரு. மூணாவது, காப்பகத்துல எண்ணினது 1921 வாக்குல, ஒப்பிட்டது 1910 சென்சஸோட, நடுவுல தென் ஐரோப்பா கிழக்கு ஐரோப்பாவுலேர்ந்து லட்சக்கணக்குல ஆளுங்க வந்து சேர்ந்திருந்தாங்க, அவங்களையெல்லாம் வகுக்குற எண்ணுல விட்டுட்டு வகுபடுற எண்ணுல மட்டும் சேர்த்துக்கிட்டா என்ன விடை வரும்?

இதெல்லாம் நூறு வருஷம் கழிச்சு நாம கண்டுபிடிச்சது இல்ல. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து உயிரியலாளர் ஹெர்பர்ட் ஜென்னிங்ஸ் அந்த அட்டவணைகள எடுத்து திரும்ப போட்டுப் பார்த்தாரு. லாஃப்லினோட சொந்த எண்கள்லயே அயர்லாந்துக்காரங்க கணக்கு ரொம்ப மோசமா இருந்துச்சு, ஆனா கொண்டு வரப் போற சட்டம் அயர்லாந்துக்கு சாதகமானது, வெட்டு விழுகிறது இத்தாலிக்கும் போலந்துக்கும் ரஷ்யாவுக்கும். மந்த புத்தின்னு சொன்ன பிரிவுல வெளிநாட்டுல பிறந்தவங்க எதிர்பார்த்த அளவுக்கு ரொம்ப கீழதான் இருந்தாங்க. அதாவது அந்தக் கணக்க நேர்மையா நம்பினாக்கூட அந்தச் சட்டம் வராது. ஜென்னிங்ஸ் கமிட்டி முன்னாடி போனப்ப பேசுறதுக்குக் கிடைச்சது சில நிமிஷம்தான். எந்த இனம் மேல, எது கீழங்கிற வரிசை முன்னாடியே முடிவாயிருச்சு, எண்கள அதுக்கு ஆதரவா தேடினாங்க, எதிரா வந்த எண்கள கடந்து போனாங்க. எந்த இனப்பட்டியல பார்த்தாலும் நான் முதல்ல தேடுறது இதத்தான், பட்டியல் போட்டவங்க தங்களுக்குப் பிடிக்காத விடை வந்தப்ப என்ன செஞ்சாங்க?

சட்டம் வந்தது இப்படி. 1921-ல தற்காலிகமா ஒரு கோட்டா இருந்துச்சு, 1910 சென்சஸ்ல அமெரிக்காவுல ஒரு நாட்டுல பிறந்தவங்க எத்தனை பேர் இருந்தாங்களோ அதுல 3 சதவீதம் ஆளுங்க வருஷத்துக்கு வரலாம். 1924 சட்டம் அத 2 சதவீதமாக்குச்சு, அதோட 1910-ஐ விட்டுட்டு 1890 சென்சஸுக்குப் போச்சு. முப்பத்தி நாலு வருஷம் பழைய சென்சஸ் எதுக்கு? தென் ஐரோப்பாவுலேர்ந்தும் கிழக்கு ஐரோப்பாவுலேர்ந்தும் பெரிய கூட்டம் வந்தது 1890-க்கு அப்புறம்தான். இத்தாலிய எடுத்துக்குங்க. 1910-ல இத்தாலியில பிறந்தவங்க சுமார் 13 லட்சம் பேர், 1890-ல சுமார் 1.8 லட்சம் பேர். அடிப்படை வருஷத்த மாத்தின உடனே இத்தாலி கோட்டா 42,057-லேர்ந்து 3,845-க்கு இறங்குச்சு. ஜெர்மனிக்கு கிட்டத்தட்ட 67,600 இருந்தது 51,227 ஆச்சு, கால்வாசி தான் போச்சு. சட்டத்துல எங்கயும் நார்டிக்னு ஒரு வார்த்தை கிடையாது, இத்தாலியனோ யூதனோ மட்டம்னு எழுதல, ஒரு வருஷத்த மாத்தினாங்க அவ்ளோதான்.

1929-ல இதையும் மாத்தி 'தேசிய மூலம்'னு புது முறை வந்துச்சு. 1920-ல அமெரிக்காவுல இருக்கிற மொத்த ஜனத்தோட வம்சம் எந்தெந்த நாட்டுலேர்ந்து வந்துச்சோ அந்த விகிதத்துல சுமார் ஒன்றரை லட்சம் இடத்த பங்கு போடுறது. மொத்த ஜனம்னா எல்லாரும்னு நினைப்பீங்க. சட்டமே யார எண்ணக் கூடாதுன்னு வரிசையா சொல்லிருச்சு: அடிமைகளா கொண்டு வரப்பட்டவங்களோட வம்சம், அமெரிக்கப் பழங்குடிகளோட வம்சம், குடியுரிமைக்கு தகுதி இல்லாத ஆசியர்களும் அவங்க வம்சமும். மூணு நூற்றாண்டா அந்த மண்ணுல உழைச்ச கறுப்பினத்தவர் அந்த நாட்டோட மூலத்துல இல்லைன்னு கூட்டல் கணக்குலயே தள்ளி வச்சாங்க. அவங்கள எண்ணியிருந்தா ஆப்பிரிக்க நாடுகளுக்கு கணிசமான பங்கு கொடுக்க வேண்டி வந்திருக்கும். இத எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு மனசு ஆறாது, ஏன்னா இதுக்கு ஒரு திட்டு கூட தேவைப்படல, ஒரு உட்பிரிவு போதுமா இருந்துச்சு.

ஆசியர்கள் விஷயத்துல நம்ம ஊர் ஆளுங்க நேரடியா வர்றாங்க. 1917 சட்டம் இந்தியாவையும் சேர்த்து ஆசியாவோட பெரும்பகுதிய தடை செஞ்ச மண்டலமா ஆக்கிருச்சு. ஏற்கனவே அங்க இருந்தவங்களுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்துச்சு, இந்தியன் 'வெள்ளையா' இல்லையா, ஏன்னா வெள்ளையர்களுக்கும் ஆப்பிரிக்க வம்சத்தவங்களுக்கும் மட்டும்தான் குடியுரிமை வாங்குற வழி திறந்திருந்துச்சு. பகத் சிங் திண்ட்னு பஞ்சாபிலேர்ந்து போய் அமெரிக்க ராணுவத்துல வேலை பார்த்த ஒரு சீக்கியர் குடியுரிமை கேட்டு மனு போட்டாரு. அந்தக் கால இன விஞ்ஞானப்படி வட இந்தியர்கள் காக்கேசியர், ஆரியர், அதனால நான் வெள்ளைன்னு வாதம். அதுவும் உசந்த சாதி இந்து கீழ உள்ள பூர்வகுடிய கல்யாண விஷயத்துல எப்படி தள்ளி வைக்கிறானோ அப்படித்தான் அமெரிக்கனும் நீக்ரோவ தள்ளி வைக்கிறான்னு அவர் தரப்பு எழுத்துலயே வாதிட்டுச்சு, அத வாசிக்கவே கஷ்டமா இருக்கும். 1923 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் சொன்னது என்னன்னா, விஞ்ஞானிங்க காக்கேசியர்னு என்ன வேணா சொல்லட்டும், சாதாரண மனுஷன் வெள்ளைன்னா யார புரிஞ்சுக்கிறானோ அவந்தான் வெள்ளை. மூணு மாசத்துக்கு முன்னாடி அதே கோர்ட் ஒசாவாங்கிற ஜப்பானியருக்கு, உன் தோல் நிறம் எதுவா இருந்தாலும் நீ காக்கேசியன் இல்லை, அதனால வெள்ளை இல்லைன்னு சொல்லியிருந்துச்சு. ஜப்பானியர் வந்தா விஞ்ஞானம் பேசும், இந்தியர் வந்தா ஊர் வழக்கம் பேசும். 1924 சட்டம் இந்த ரெண்டு தீர்ப்பையும் அப்படியே எடுத்துக்கிட்டு, குடியுரிமைக்கு தகுதி இல்லாதவங்க குடியேறவும் முடியாதுன்னு மூடிருச்சு.

இப்ப வர்ஜீனியாவுக்கு வருவோம். இனத்தூய்மைச் சட்டத்துல வெள்ளைங்கிறதுக்கு விளக்கம், காக்கேசிய ரத்தத்த தவிர வேற எந்த ரத்தத்தோட சாயலும் துளிகூட இல்லாதவர். ஒரே விதிவிலக்கு, பதினாறுல ஒரு பங்கோ அதுக்குக் குறைவாவோ பழங்குடி ரத்தம் இருந்தா பரவாயில்ல. ஏன்னா அங்க உள்ள பழைய பெரிய குடும்பங்கள் போகாஹோன்டஸ்ங்கிற பழங்குடிப் பொண்ணோட வம்சம்னு பெருமை பேசிக்கிட்டு இருந்தாங்க, அவங்க வெள்ளைப் பட்டியல்லேர்ந்து கழண்டுறக் கூடாதுல்ல. இந்தச் சட்டத்த நடத்தினவரு வால்டர் பிளெக்கர்ங்கிற டாக்டர், 1912-லேர்ந்து 1946 வரைக்கும் மாநிலத்தோட பிறப்பு இறப்பு பதிவாளர். வர்ஜீனியாவுல கலப்பில்லாத பழங்குடின்னு யாருமே கிடையாது, பழங்குடின்னு சொல்றவங்க எல்லாம் கறுப்பினம்தான், வெள்ளைக்குள்ள நுழையறதுக்காக வேஷம் போடுறாங்கன்னு அவர் நம்பினாரு. பிரசவம் பார்க்கிற மருத்துவச்சிகளுக்கு மிரட்டி லெட்டர் எழுதினாரு, பிறப்புச் சான்றிதழ்ல இனத்த மாத்தி எழுதினாரு, 1943-ல மாவட்டம் மாவட்டமா இந்த குடும்பப் பேருள்ளவங்கள நம்பாதீங்கன்னு பட்டியலே போட்டு பதிவு ஆபீஸ்களுக்கும் ஸ்கூலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினாரு. பொய்யா இனம் பதிவு செஞ்சா ஒரு வருஷம் ஜெயில்.

இதே மாநிலத்துல ஆம்ஹெர்ஸ்ட் கவுண்டியில, லிஞ்ச்பர்க் ஊருக்கு எதிர்க்கரையில, வலிப்பு நோயாளிகளுக்கும் மந்த புத்திக்காரங்களுக்கும்னு ஒரு அரசு காலனி இருந்துச்சு. அதோட கண்காணிப்பாளர் ஆல்பர்ட் பிரிட்டி சட்டம் வர்றதுக்கு முன்னாடியே பெண்களுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இருந்தாரு, வில்லி மலோரிங்கிற ஒரு தாய் அவர் மேல கேஸ் போட்டதுக்கு அப்புறம்தான் பயந்து நிறுத்தினாரு. அதனால அவருக்கு சட்டப் பாதுகாப்பு தேவைப்பட்டுச்சு. வக்கீல் ஆப்ரி ஸ்ட்ரோட், லாஃப்லினோட மாதிரிச் சட்டத்த வச்சு 1924 சட்டத்த எழுதினாரு, அது கோர்ட்ல நிக்குமான்னு பார்க்க ஒரு சோதனைக் கேஸ தேடினாங்க, கேரி பக் மாட்டினாங்க.

கேரிக்கு அப்போ 17, 18 வயசு. சின்ன வயசுல சார்லட்ஸ்வில்ல ஒரு குடும்பம் வளர்க்க எடுத்துச்சு, ஆறாவது வரைக்கும் ஸ்கூல்ல ஒழுங்கா படிச்சாங்க, அப்புறம் நிறுத்தி வீட்டு வேலை வாங்கினாங்க. அந்த வீட்டு உறவுக்காரப் பையன் பலாத்காரம் பண்ணதுல கர்ப்பமானாங்க. அந்தக் குடும்பம் அவமானத்த மறைக்க, கேரிக்கு மந்த புத்தின்னு மனு போட்டு காலனிக்கு அனுப்பிருச்சு. அவங்க அம்மா எம்மா பக் ஏற்கனவே அதே காலனியில இருந்தாங்க. கேரி பெத்த குழந்தை விவியனுக்கு ஏழெட்டு மாசம் இருக்கும்போது, பார்த்த சமூக சேவகி குழந்தை சாதாரணமா இல்லைன்னு சாட்சி சொன்னாங்க. அம்மா, மக, பேத்தி, மூணு தலைமுறை தயார். கேரிக்காக வாதாட வேண்டிய வக்கீல் இர்விங் வைட்ஹெட் அந்தக் காலனி நிர்வாகக் குழுவுலயே இருந்தவரு, ஸ்ட்ரோடோட பழைய நண்பர், கேரி தரப்புல ஒரு சாட்சியக்கூட கூப்பிடல. கேரியோட ஸ்கூல் ரெக்கார்ட கொண்டு வந்திருந்தாலே பாதி கேஸ் உடைஞ்சிருக்கும்.

லாஃப்லின் கேரிய பார்த்ததே கிடையாது. பிரிட்டி அனுப்பின காகிதங்கள வச்சு எழுத்துல சாட்சியம் அனுப்பினாரு. அதுல இவங்க தெற்குப் பகுதியோட உருப்படாத, அறிவில்லாத, எதுக்கும் உதவாத சமூக விரோத வெள்ளையர் வர்க்கம்னு இருக்கு. உங்க கேள்விக்கு பதில் இந்த வரிக்குள்ளயே இருக்கு. வெள்ளையர்னு அவர் அழுத்திச் சொல்றது அந்தப் பொண்ணுக்கு பாதுகாப்பா வரல, குற்றச்சாட்டா வருது. வெள்ளை இனம் உசந்ததுன்னு பட்டியல் சொல்லுது, ஆனா கண்ணெதிர்ல படிக்காத, ஏழையான, கல்யாணம் ஆகாம குழந்தை பெத்த வெள்ளைக்காரங்க இருக்காங்க. பட்டியல் தப்புன்னு ஒத்துக்கணும், இல்லேன்னா இவங்க அந்த இனத்துல விழுந்த அழுகல்னு சொல்லணும். ரெண்டாவத எடுத்துக்கிட்டாங்க. கறுப்பினத்தவர தனியா ஒதுக்கிறதுக்கு ஏற்கனவே வேற சட்டங்கள் இருந்துச்சு, 1920-கள்ல இந்த மாதிரி காலனிகள் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான், அதனால இந்தச் சட்டத்துக்கு முதல்ல பலியானது ஏழை வெள்ளைக்காரங்கதான்.

இன்னொரு முடிச்சும் இருக்கு, பலர் இத கவனிக்கிறதில்ல. கேரி வழக்கு 1924 நவம்பர்ல விசாரிக்கப்பட்டது ஆம்ஹெர்ஸ்ட் கவுண்டி கோர்ட்ல. நேர்ல வந்து குடும்பத்த பார்த்து நிபுணரா சாட்சி சொன்னவரு லாஃப்லின் ஆபீஸ் களப்பணியாளர் ஆர்தர் எஸ்டாப்ரூக். அவரு அதே கவுண்டியில மலையடிவாரத்துல இருந்த மொனக்கன் பழங்குடி ஜனங்கள பத்தியும் ஆராய்ச்சி பண்ணி, 1926-ல கூட்டா ஒரு புத்தகம் போட்டாரு. வெள்ளை, பழங்குடி, நீக்ரோ மூணும் கலந்ததால சீரழிஞ்ச கூட்டம்னு அதுல வர்ணிச்சாரு. பிளெக்கரோட வேட்டைக்கு அது துணை நின்னுச்சு. ஒரே கவுண்டி, ஒரே நிபுணர், ஒரு கையில கேரியோட கர்ப்பப்பை, இன்னொரு கையில மொனக்கன் ஜனங்களோட பிறப்புச் சான்றிதழ். ரெண்டுக்கும் பயன்படுத்தினது ஒரே குடும்ப மர வரைபடம், ஒரே காதுவழிச் செய்தி, அக்கம்பக்கத்துக்காரங்க சொன்னது.

1927 மே 2 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் எட்டுக்கு ஒண்ணுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. நீதிபதி ஹோம்ஸ், மூணு தலைமுறை மூடர்கள் போதும்னு எழுதினாரு. அவங்க வச்சிருந்த பரீட்சைப்படியே கேரிக்கு மன வயசு ஒன்பதுன்னு போட்டிருந்தாங்க, ஹோம்ஸ் பயன்படுத்தின வார்த்தை அதுக்கும் கீழ உள்ள தரத்துக்கு உரியது, அந்த அளவுக்குக்கூட யாரும் சரிபார்க்கல. அக்டோபர் 19-ல ஆபரேஷன் முடிஞ்சது. தங்கச்சி டோரிஸுக்கும் பண்ணாங்க, அவங்ககிட்ட குடல்வால் ஆபரேஷன்னு சொன்னாங்க, குழந்தை ஏன் பிறக்கலைன்னு பல வருஷம் தெரியாமலே இருந்தாங்க. விவியன் ஸ்கூல்ல நல்ல மார்க் எடுத்து பாராட்டுப் பட்டியல்ல பேர் வந்த பிள்ளை, எட்டு வயசுல நோய்ல இறந்துட்டா. வர்ஜீனியாவுல மட்டும் 7,000 பேருக்கு மேல ஆபரேஷன், நாடு முழுக்க 60,000-க்கு மேல. லாஃப்லினோட மாதிரிச் சட்டம் ஜெர்மனிக்கும் போச்சு, 1933 ஜூலையில நாஜிகள் போட்ட கருத்தடைச் சட்டத்துல அதோட சாயல் தெளிவா தெரியும், சுமார் 4 லட்சம் பேருக்கு அங்க ஆபரேஷன் நடந்துச்சு, 1936-ல ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் லாஃப்லினுக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்துச்சு. ரைன்லாந்துல கறுப்பினச் சிப்பாய்களுக்கும் ஜெர்மன் பெண்களுக்கும் பிறந்த சுமார் 400 பிள்ளைகளுக்கு 1937-ல ரகசியமா பண்ணாங்க, அதுக்கு அவங்க சட்டத்துலகூட இடம் கிடையாது, இனம் ஒண்ணே காரணம்.

அமெரிக்காவுலயும் சட்டத்துல இனம்னு எழுதாததாலதான் அத யார் மேல வேணா திருப்ப முடிஞ்சது. கலிபோர்னியாவுல சுமார் 20,000 ஆபரேஷன், பழைய பதிவுகள ஆராய்ஞ்சதுல ஸ்பானிஷ் குடும்பப் பேருள்ள பெண்களுக்கு மத்த பெண்களவிட 59 சதவீதம் அதிக வாய்ப்பு இருந்தது தெரிய வந்துச்சு. வட கரோலினாவுல காப்பகத்துக்கு வெளிய இருக்கிறவங்களையும் சமூக நலத்துறை ஊழியரே பரிந்துரைக்கலாம்னு இருந்துச்சு. கறுப்பினக் குடும்பங்கள் அரசு உதவித்தொகைக்குள்ள வர ஆரம்பிச்ச உடனே அந்தப் பரிந்துரைகள் அவங்க பக்கம் திரும்பி, 1960-கள்ல அங்க ஆபரேஷன் பண்ணப்பட்டவங்கள்ல பாதிக்கு மேல கறுப்பினத்தவர். காகிதத்துல காரணம் அதே பழைய மந்த புத்திதான்.

சட்டங்கள் ஒண்ணொண்ணா எப்போ போச்சுன்னா, தேசிய மூலக் கோட்டா 1965-ல, கலப்பு மணத் தடை 1967-ல லவிங் தம்பதி வழக்குல, வர்ஜீனியா கருத்தடைச் சட்டம் 1974-ல. கேரி பக் தீர்ப்ப சுப்ரீம் கோர்ட் இதுவரைக்கும் நேரடியா ரத்து பண்ணல. மொனக்கன் ஜனங்க மத்திய அரசுகிட்ட பழங்குடி அங்கீகாரம் கேட்டப்ப, தலைமுறை தலைமுறையா பழங்குடின்னு பதிவு காட்டணும்னு விதி இருந்துச்சு, அந்தப் பதிவுகளத்தான் பிளெக்கர் மாத்தி எழுதியிருந்தாரு. கடைசியில 2018 ஜனவரியில அமெரிக்க நாடாளுமன்றம் தனியா ஒரு சட்டம் போட்டுத்தான் அவங்களையும் வர்ஜீனியாவோட வேற அஞ்சு பழங்குடிகளையும் அங்கீகரிச்சுது.